‘உலகத் தரம்’ என்றால் எத்தனை பீஸ்?

திருப்பூரில் ஒரு நடுத்தர பனியன் கம்பெனி இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஐரோப்பாவில் துணிக்கடைகள் நடத்தும் ஒரு நிறுவனத்துக்கு ஆறாயிரம் டி-ஷர்ட் தைத்துத் தருவதற்கு அது ஒரு முன்மொழிவு அனுப்புகிறது. முதல் பத்தி இப்படி இருக்கிறது:

“நாங்கள் உலகத் தரம் வாய்ந்த ஆடைகளைத் தயாரிக்கும் முன்னணி நிறுவனம். அதிநவீனக் கட்டமைப்பு எங்களிடம் உள்ளது. வாடிக்கையாளரை மையமாகக் கொண்டு, குறித்த நேரத்தில், எண்ட்-டு-எண்ட் சேவை அளிக்கிறோம். சஸ்டெய்னபிள் உற்பத்தியே எங்கள் உயிர்மூச்சு.”

இதில் ‘ஆடை’ என்ற ஒரு சொல்லை எடுத்துவிட்டு ‘பம்ப்’ என்று போட்டால் கோயம்புத்தூர் மோட்டார் கம்பெனிக்குப் பொருந்தும். ‘மென்பொருள்’ என்று போட்டால் சென்னைக்குப் பொருந்தும். இதைப் படிக்கிற பையரின் மேஜையில் இதே போன்ற இன்னும் பல முன்மொழிவுகள் இருக்கும். எல்லாரும் உலகத் தரம், எல்லாரும் முன்னணி. ஆகவே அவர் நேராக விலை எழுதிய பக்கத்துக்குப் போய்விடுவார். தரத்தில் உண்மையிலேயே கவனமாக இருக்கிற கம்பெனிக்குத்தான் இதில் இழப்பு. அது தன் உழைப்பைக் கவனமில்லாத கம்பெனி சொல்கிற அதே வார்த்தையில் சொல்லி, இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் செய்துவிடுகிறது.

ஒவ்வொரு வரியிடமும் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம். இது பொய் என்று தெரிய வேண்டுமானால் பையர் எதைப் பார்க்க வேண்டும்? பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை என்றால் அந்த வரி எதையும் சொல்லவில்லை. ‘உலகத் தரம்’ பொய் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. ‘துணி 180 ஜிஎஸ்எம்’ என்பதை ஐந்து நிமிடத்தில் பொய்யாக்கிவிடலாம். வட்டமான ஜிஎஸ்எம் கட்டரை வைத்துத் துணியில் ஒரு வில்லை வெட்டுகிறார்கள். அதன் பரப்பு சரியாக நூறு சதுர சென்டிமீட்டர். அதை எடை போட்டு நூறால் பெருக்கினால் ஒரு சதுர மீட்டரின் எடை கிடைக்கும். தராசு 1.80 கிராம் காட்டினால் 180. 1.62 காட்டினால் யாரோ நூலைக் குறைத்துவிட்டார்கள்.

தரம் என்ற சொல்லுக்குள் இப்படிப் பிரித்து எடுக்கக்கூடியவை நிறைய உண்டு. துவைத்த பிறகு நீளமும் அகலமும் எத்தனை சதவீதம் சுருங்கும், எத்தனை டிகிரி தண்ணீரில் எத்தனை முறை துவைத்துப் பார்த்தது, சாயம் போகாமல் நிற்பதில் ஐந்துக்கு எத்தனை கிரேடு என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அளவும் ஒரு சோதனை முறையும் இருக்கின்றன. முறையைச் சொல்லாமல் அளவை மட்டும் எழுதினால் பாதி வேலைதான் ஆகியிருக்கும். ‘சுருக்கம் 5 சதவீதத்துக்குள்’ என்று எழுதி, 40 டிகிரித் தண்ணீரில் துவைத்ததா 60 டிகிரியிலா, நிழலில் காயவைத்ததா டிரையரில் போட்டதா என்று சொல்லாவிட்டால், தகராறு வருகிற அன்று இரண்டு தரப்பும் தத்தமக்குச் சாதகமான முறையில் துவைத்துப் பார்க்கும்.

இவை எல்லாம் துணியைப் பற்றியவை. தைத்து முடித்த ஆறாயிரம் உருப்படிகளைப் பற்றி என்ன எழுதுவது? ‘ஜீரோ டிஃபெக்ட்’ என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். செக்கிங் டேபிளில் ஒரு நாள் நின்றவர் யாரும் அதை எழுதமாட்டார். ஊசித்துளை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம், வெட்டாமல் தொங்கும் நூல் எல்லாம் எந்தக் கம்பெனியிலும் வரும். கேள்வி அவை எவ்வளவு என்பதும், யார் எப்படி எண்ணுவது என்பதும்தான். அதற்கு இந்தத் தொழிலில் பழகிய அளவுகோல் ஏக்யூஎல். ஐஎஸ்ஓ 2859-1 என்ற தரநிலையின் அட்டவணைகளை வைத்து இது நடக்கிறது.

நம் ஆர்டரையே எடுத்துக்கொள்வோம். லாட்டில் 6,000 பீஸ். 3,201 முதல் 10,000 வரையிலான லாட்டுக்கு, வழக்கமான இரண்டாம் நிலைச் சோதனையில், 200 பீஸ் எடுத்துப் பார்க்க வேண்டும் என்கிறது அட்டவணை. ஆய்வாளர் தன் விருப்பப்படி பல பெட்டிகளைத் திறந்து இருநூறை உருவுகிறார். பெரிய குறைகளுக்கு ஏக்யூஎல் 2.5 என்று ஒப்புக்கொண்டிருந்தால், அந்த இருநூறில் குறையுள்ளவை பத்து வரை இருந்தால் லாட் பாஸ். பதினொன்று வந்தால் ஃபெயில். சிறு குறைகளுக்குப் பொதுவாக 4.0 வைப்பார்கள். அங்கே எல்லை பதினான்கு. உடைந்த ஊசி முனை துணிக்குள் தங்கியிருப்பது போன்ற ஆபத்தான குறை ஒன்றுகூட இருக்கக் கூடாது.

‘உலகத் தரம்’ என்ற வார்த்தை இருந்த இடத்தில் இப்போது என்ன எழுதலாம் என்று பாருங்கள்: “முழு உற்பத்தியும் முடிந்து, குறைந்தது 80 சதவீதம் பெட்டியில் அடைத்த பின், தாங்கள் நியமிக்கும் ஆய்வாளர் ஐஎஸ்ஓ 2859-1, இரண்டாம் நிலைப்படி 200 பீஸ் எடுக்கலாம். ஆபத்தான குறை 0, பெரிய குறை 2.5, சிறு குறை 4.0. லாட் தவறினால் எங்கள் செலவில் முழுவதையும் மறுபடி செக் செய்து, இரண்டாவது ஆய்வுக் கட்டணத்தையும் நாங்களே செலுத்துவோம்.” இந்தப் பத்தியை எழுதுவதற்கு இலக்கியத் திறமை வேண்டாம். ஆனால் இதை எழுதும் முன் முதலாளி க்யூசி மேலாளரைக் கூப்பிட்டு, கடைசியாகப் போன சில லாட்டுகளில் என்ன எண்ணிக்கை வந்தது என்று கேட்டாக வேண்டும். பொத்தாம் பொதுவான சொற்கள் தப்பித்துக்கொள்வது இந்தக் கேள்வியிலிருந்துதான். மொழி நடை நன்றாக இல்லாததால் அந்த வார்த்தைகள் வந்துவிடுவதில்லை. அளந்து பார்க்காததால் வருகின்றன.

இந்த எண்ணுக்கும் ஓர் எல்லை உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஏக்யூஎல் 2.5 என்றால் நூற்றுக்கு இரண்டரைக்கு மேல் குறையே வராது என்று பலர் நினைக்கிறார்கள். அது உத்தரவாதமே அல்ல. லாட்டில் உண்மையில் நூற்றுக்கு ஐந்து பீஸ் குறையுள்ளது என்று வைத்துக்கொள்ளுங்கள். இருநூறு எடுத்தால் சராசரியாகப் பத்து வரும். பத்து வரை பாஸ். கணக்குப் போட்டால் அப்படிப்பட்ட லாட் பாதிக்கும் சற்று அதிகமான வாய்ப்பில் தேறிவிடும். அதனால் ‘97.5 சதவீதம் குறையற்றது’ என்று முன்மொழிவில் எழுதுவது தவறு. சோதனை முறையைச் சொல்லலாம், அதன் முடிவுக்குக் கட்டுப்படுவோம் என்று சொல்லலாம். அதைத் தாண்டிச் சொல்ல அந்த அட்டவணை இடம் கொடுக்கவில்லை. எண் இருப்பதாலேயே ஒரு வாக்கியம் உண்மையாகிவிடாது. துல்லியமாகத் தோன்றும் தவறு, மங்கலான வார்த்தையைவிட அதிகமாகக் கடிக்கும்.

அடுத்தது ‘அதிநவீனக் கட்டமைப்பு’. பலர் இதைத் திருத்தும்போது ‘எங்களிடம் 60 தையல் மெஷின்கள் உள்ளன’ என்று மாற்றுவார்கள். இது சரிபார்க்கத்தக்கதுதான்; வந்து எண்ணிவிடலாம். ஆனால் பையருக்கு வேண்டியது மெஷின் எண்ணிக்கை அல்ல. தன் ஆறாயிரம் பீஸ் எத்தனை நாளில் தையலைத் தாண்டும் என்பதுதான் அவருக்கு வேண்டும். அதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். அறுபது மெஷினில் ஒரு நாளில் சராசரியாக 48 பேர் வேலைக்கு வருகிறார்கள் என்று கொள்வோம். ஒருவருக்கு எட்டு மணி நேரம், அதாவது 480 நிமிடம். மொத்தம் 23,040 நிமிடம். நூல் அறுவது, பீஸுக்குக் காத்திருப்பது, திருத்தித் தைப்பது எல்லாம் போக அந்தத் தளத்தின் செயல்திறன் 50 சதவீதம் என்றால் பயன்படுவது 11,520 நிமிடம். இந்த டி-ஷர்ட்டைத் தைக்க எட்டு நிமிட வேலை இருக்கிறது என்றால் நாளுக்கு 1,440 பீஸ். நாலே கால் நாளில் முடிந்துவிடும் போலத் தெரிகிறது.

ஆனால் நான்கு லைனில் இரண்டு வேறொரு பையரின் வேலையில் இருக்கின்றன. ஆகவே நாளுக்கு 720 பீஸ். எட்டு நாளுக்கு மேல். புதிய ஸ்டைல் ஏறும் முதல் இரண்டு நாள் கை பழகாமல் உற்பத்தி பாதியாக இருக்கும். எனவே பத்து வேலை நாள் என்று எழுதுவதே நேர்மை. “60 மெஷின்கள், தங்கள் ஆர்டருக்கு இரண்டு லைன் ஒதுக்குகிறோம், கணக்கிட்ட தினசரி உற்பத்தி 720, முதல் இரண்டு நாள் இதில் பாதி, தையலுக்கு 10 வேலை நாள்.” இந்த வரியில் பெருமை எதுவும் இல்லை. ஆனால் பையர் தன் பக்கத்தில் இதே கணக்கைப் போட்டுப் பார்த்து, ‘இவர்களுக்குத் தங்கள் தளம் தெரியும்’ என்று புரிந்துகொள்வார்.

‘குறித்த நேரத்தில்’ என்பதில்தான் அதிகத் தகராறு வருகிறது; காரணம், எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதை யாரும் எழுதுவதில்லை. ‘60 நாளில் டெலிவரி’ என்றால் ஆர்டர் போட்ட தேதியிலிருந்தா? சாயத்துக்கு அனுப்பிய லேப் டிப்பைப் பையர் ஒப்புக்கொண்ட தேதியிலிருந்தா? தயாரிப்புக்கு முந்தைய மாதிரி பீஸுக்கு அவர் கையெழுத்திட்ட தேதியிலிருந்தா? லேப் டிப் இரண்டு முறை திரும்பி வந்தால் அதிலேயே மூன்று வாரம் போய்விடக்கூடும். முடிவு எங்கே என்பதும் அப்படியே. கம்பெனி வாசலைத் தாண்டுவது ஒரு தேதி. தூத்துக்குடி துறைமுகத்தில் கப்பலில் ஏறுவது இன்னொரு தேதி. எஃப்ஓபி என்று ஒப்புக்கொண்டால் கப்பலில் ஏறுவதுதான் கணக்கு. தொடக்கப் புள்ளியும் முடிவுப் புள்ளியும் எழுதாத ‘60 நாள்’ எண் வடிவில் இருந்தாலும் ‘குறித்த நேரம்’ என்பதைவிட எந்த விதத்திலும் மேலானதல்ல.

பழைய சாதனையைச் சொல்லும்போதும் இதே கவனம் வேண்டும். ‘95 சதவீதம் ஆர்டர்களைக் குறித்த நேரத்தில் அனுப்பியுள்ளோம்’ என்று எழுத ஒரு மெர்ச்சண்டைசர் விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கும் ஷிப்பிங் பிரிவில் உள்ள மூத்தவருக்கும் நடக்கிற பேச்சு இப்படிப் போகும்:

“போன வருசம் நாப்பது ஆர்டர்ல முப்பத்தெட்டு டைமுக்குப் போயிருக்குதுங்ண்ணா. 95 சதவீதம்னு போட்டுக்கட்டுங்களா?”

“எந்தத் தேதிய வச்சுப் பாத்தீங்க?”

“சிஸ்டத்துல இருக்கற டெலிவரி தேதிங்ண்ணா.”

“அது பையர்கிட்டக் கேட்டு மாத்தின தேதி. மொதல்ல பிஓ-ல போட்டிருந்த தேதிய எடுத்துப் பாருங்க.”

எடுத்துப் பார்த்தால் நாற்பதில் முதல் தேதிக்கே போனவை 31. ஒரு வாரத்துக்குள் தாமதம் 6. அதற்கும் மேல் 3. இந்த எண்களை எழுத மனம் வராது. இருந்தாலும் இதைத்தான் எழுத வேண்டும் என்பேன். முதல் காரணம், பையரிடம் தன் பிஓ-க்கள் இருக்கின்றன. பழைய வாடிக்கையாளர் ஒருவரிடம் விசாரித்தால் 95 அன்றே உடைந்துவிடும். இரண்டாவது காரணம், 31 என்ற எண் அடுத்த கேள்வியைக் கேட்க வைக்கிறது: அந்த ஒன்பது ஏன் தாமதமாயின? பட்டியலைப் புரட்டினால் ஆறு ஆர்டர் சாயப்பட்டறையில் நின்றிருக்கிறது. ஷேடு பொருந்தாமல் மறுபடி சாயம் ஏற்றியிருக்கிறார்கள். அப்படியானால் முன்மொழிவில் எழுத உருப்படியான ஒரு வரி கிடைக்கிறது: “கடந்த நிதியாண்டின் 40 ஆர்டர்களில் 31 முதல் பிஓ தேதியில் சென்றன. தாமதமான ஒன்பதில் ஆறு, சாயம் மறுபடி ஏற்றியதால். இந்த ஆர்டருக்கு லேப் டிப்பும் மொத்தச் சாயமும் ஒரே பட்டறையில் நடக்கும். முழு துணியையும் சாயமேற்றும் முன் ஒரு சிறு லாட்டைச் சாயமேற்றித் தங்கள் ஒப்புதலைப் பெறுவோம்.” தாமதத்தை மறைத்திருந்தால் இந்தப் பரிகாரம் எழுதும் இடமே வந்திருக்காது.

‘சஸ்டெய்னபிள்’ என்ற சொல் இன்று ஏறக்குறைய எல்லா ஏற்றுமதி முன்மொழிவிலும் இருக்கிறது. ஐரோப்பாவுக்கு விற்பவர்கள் இனி இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் இயற்றிய 2024/825 என்ற எண்ணுள்ள உத்தரவு, ‘சுற்றுச்சூழலுக்கு உகந்தது’, ‘பசுமையானது’ போன்ற பொதுப்படையான வாசகங்களைத் தக்க ஆதாரம் இல்லாமல் நுகர்வோரிடம் பயன்படுத்துவதைத் தடை செய்கிறது. அது 2026 செப்டம்பர் 27 முதல் பொருந்தும். தடை நேரடியாகக் கடைக்காரரைத்தான் கட்டுப்படுத்துகிறது. ஆனால் கடைக்காரர் டி-ஷர்ட்டின் அட்டையில் எதை எழுதலாம் என்பதற்கான ஆதாரம் திருப்பூரிலிருந்துதான் போக வேண்டும். ‘உயிர்மூச்சு’ என்ற வரியால் அவருக்கு ஒரு பயனும் இல்லை.

இங்கே எழுதத்தக்கவை எவை? பருத்தி ஆர்கானிக் என்றால் காட்ஸ் சான்றிதழ். அதில் இரண்டு அடுக்கு உண்டு. கம்பெனிக்குக் கொடுக்கும் ஸ்கோப் சான்றிதழ், அந்தக் கம்பெனி அத்தகைய வேலையைச் செய்யத் தகுதி உள்ளது என்று மட்டும் சொல்லும். இந்த ஆறாயிரம் பீஸ் உண்மையிலேயே ஆர்கானிக் நூலில் ஆனவைதானா என்பதை அந்தச் சரக்குக்கு மட்டும் வழங்கும் டிரான்சாக்‌ஷன் சான்றிதழ்தான் சொல்லும். முதலாவதை மட்டும் இணைத்துவிட்டு ‘ஆர்கானிக்’ என்று எழுதுவது நடக்கிறது. விவரம் தெரிந்த பையர் இரண்டாவதைக் கேட்பார். சதவீதமும் முக்கியம். 95 சதவீதமோ அதற்கு மேலோ ஆர்கானிக் இழை இருந்தால்தான் அந்த லேபிளில் ‘ஆர்கானிக்’ என்று நேரடியாகப் போடலாம். 70 முதல் 95 வரை என்றால் ‘ஆர்கானிக் இழை கொண்டு செய்தது’ என்ற அளவில் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

சாயத் தண்ணீர் திருப்பூருக்கு வெறும் விளம்பர விஷயம் அல்ல. நொய்யலும் ஒரத்துப்பாளையம் அணையும் சாயக்கழிவால் பட்ட பாடும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதும் அந்த ஊரின் வரலாற்றில் இருக்கின்றன. கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் முறை அங்கே கட்டாயமானது அதனால்தான். ஆகவே முன்மொழிவில் “சாயம் ஏற்றும் பட்டறை இன்ன பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் உறுப்பினர்; மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை நகல் இணைப்பில்” என்று எழுதலாம். அதைச் சட்டக் கட்டாயம் என்றே எழுத வேண்டும், கம்பெனியின் தனிப் பெருந்தன்மையாக அல்ல. சுத்திகரிப்புக்கு எரியும் எரிபொருளைப் பற்றியும், மிஞ்சும் உப்புக் கழிவைப் பற்றியும் அந்த நகல் ஒன்றும் சொல்வதில்லை. அதனால் அந்த ஒரு தாளை வைத்துக்கொண்டு முழு உற்பத்தியையும் ‘பசுமை’ என்று அழைக்க முடியாது.

இவ்வளவு தெளிவாக எழுதினால் நாளைக்கு நம்மையே அது கட்டிப்போடுமே என்று முதலாளிகள் தயங்குவது நியாயமான தயக்கம். கட்டிப்போடும் என்பது உண்மை. ஆனால் மங்கலாக எழுதுவது பாதுகாப்பு என்று எண்ணுவதும் தவறு. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 29-ஆவது பிரிவு, பொருள் நிச்சயமில்லாத, நிச்சயப்படுத்தவும் முடியாத ஒப்பந்தம் செல்லாது என்கிறது. சட்டமே கொடுக்கும் எடுத்துக்காட்டு: ஒருவர் மற்றொருவருக்கு ‘நூறு டன் எண்ணெய்’ விற்க ஒப்புக்கொள்கிறார், என்ன எண்ணெய் என்று தெரிவிக்க எதுவுமே இல்லை, அது செல்லாது. எண் இருந்தும் பொருள் நிச்சயமில்லை. முன்மொழிவு என்பது ஒப்பந்தம் அல்ல. ஆனால் ஒப்பந்தத்தின் வரிகள் பெரும்பாலும் அதிலிருந்துதான் எடுக்கப்படுகின்றன. பணம் வராமல் வழக்குக்குப் போகிற நாளில், துணியின் எடையும் ஆய்வு முறையும் தேதியின் தொடக்கமும் எழுதியிருப்பது தைத்துக் கொடுத்தவருக்கும் துணைநிற்கும். லேப் டிப்பை மூன்று வாரம் வைத்திருந்தது பையர்தான் என்பதை அப்போதுதான் அவர் காட்ட முடியும்.

மீதியிருப்பது ‘முன்னணி’, ‘வாடிக்கையாளர் மையம்’, ‘எண்ட்-டு-எண்ட்’. முதலாவதை எடுத்துவிடலாம், அதற்குப் பின்னால் காட்ட எதுவும் இல்லை. இரண்டாவதற்குப் பதிலாக, இந்த ஆர்டருக்குப் பொறுப்பான மெர்ச்சண்டைசர் யார், அவர் எத்தனை வேலை நேரத்துக்குள் பதில் தருவார், வாரத்தில் எந்த நாள் உற்பத்தி நிலவர அறிக்கை வரும் என்று எழுதலாம். மூன்றாவது கொஞ்சம் ஆபத்தானது. நூல் முதல் பேக்கிங் வரை எல்லாம் நாங்களே என்று அது தோன்ற வைக்கிறது. நம் கம்பெனியிலோ கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் மட்டும் சொந்தக் கூரையின் கீழ். நிட்டிங்கும் டையிங்கும் காம்பாக்டிங்கும் வெளியே ஜாப் ஒர்க். அதை அப்படியே எழுதி, வெளியே போகும் மூன்று வேலைக்கும் எந்த யூனிட், அங்கே யார் போய்ச் சோதிக்கிறார், எப்போது என்று சேர்த்துவிட வேண்டும். பையரின் ஆடிட்டர் வருகிற நாளில் டையிங் பிரிவு எங்கே என்று கேட்டால், முன்மொழிவில் எழுதிய விலாசத்தையே காட்ட முடியும்.

திருத்தி முடித்த முன்மொழிவு பழையதைவிட நீளமாக இருக்கும் என்று நினைப்பார்கள். பெயரடைகள் போய்விடுவதால் பெரும்பாலும் அப்படி ஆவதில்லை. நம் கம்பெனியினுடையது ஒன்றரைப் பக்கத்தில் அடங்கிவிடும். அனுப்பும் முன் ஒரு வேலை பாக்கி. அச்செடுத்து, ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் அந்த வரிக்கான பதிவேடு யாரிடம் இருக்கிறது என்று பென்சிலால் எழுத வேண்டும்: ஜிஎஸ்எம் வரிக்குத் துணிச் சோதனையாளர், 720 பீஸ் வரிக்கு உற்பத்தி மேலாளர், 31 ஆர்டர் வரிக்கு ஷிப்பிங், சான்றிதழ் வரிக்கு அலுவலகம். அவர்கள் தங்கள் வரியைப் படித்து ஒப்ப வேண்டும். உற்பத்தி மேலாளர் 720 முடியாது, 650 என்று சொன்னால், தையல் நாட்கள் பத்திலிருந்து பதினொன்றாகும்; கப்பல் தேதியும் ஒரு நாள் தள்ளும். அந்தத் தேதியைத்தான் பையருக்கு அனுப்ப வேண்டும்.